ஒரே சரக்கை இரண்டு பேருக்குச் சொல்லாமல் இருக்க: டைல்ஸ் கடைக்கான புக்கிங் கணக்கு

டைல்ஸ் கடையில் சரக்கு விற்ற அன்றே வெளியே போவதில்லை. வீட்டுக்காரர் இன்றைக்கு வந்து டிசைன் பார்த்து அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போவார். தரை போடும் வேலை ஒரு மாதமோ ஒன்றரை மாதமோ கழித்துத்தான் தொடங்கும். அதுவரை பெட்டிகள் நம் குடோனிலேயே கிடக்கும், பில் போடாததால் கம்ப்யூட்டரில் இருப்பும் குறையாது. இடையில் இன்னொருவர் வந்து அதே டைல்ஸைக் கேட்டால், கவுண்டரில் இருப்பவர் திரையைப் பார்த்து "இருக்குங்க" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. திரை அப்படித்தான் காட்டுகிறது.

நான் வேலை பார்க்கும் கடையில் இந்தக் குழப்பம் தீர ரொம்ப நாள் ஆனது. சேல்ஸில் புதிதாகச் சேருகிறவர்களும் கடையைப் புதிதாகப் பொறுப்பெடுத்தவர்களும் அந்த அல்லாட்டம் இல்லாமல் நேரே வேலைக்கு வர, கடைசியில் எங்களுக்கு நின்ற முறையை வரிசையாக எழுதுகிறேன். டைல்ஸை வைத்துத்தான் சொல்கிறேன். கிரானைட், பெயின்ட், துணி என்று பேட்ச் பார்த்து விற்கிற எதற்கும் இதே கணக்கு பொருந்தும்.

முதலில் ஒரு விஷயம். கையிருப்பு என்பது குடோனில் கிடப்பது. சேல்ஸ் ஆளுக்கு அது தேவையே இல்லை. அவருக்கு வேண்டியது, "இந்தத் தேதிக்கு, இந்தப் பேட்சில், இன்னும் எத்தனை பெட்டி சொல்லலாம்" என்ற ஒரே எண். பெரிய நிறுவனங்களில் இதை அவெய்லபிள் டு பிராமிஸ், சுருக்கமாக ஏடிபி என்பார்கள். கீழே வரும் எல்லாப் படிகளும் அந்த ஒரு எண்ணை நம்பும்படியாகக் கொண்டுவரத்தான்.

1. குடோனைப் பேட்ச் வாரியாக எண்ணுங்கள்

டைல்ஸ் பெட்டியின் பக்கத்தில் பேட்ச் நம்பரும் ஷேடும் அச்சாகியிருக்கும். ஒரே டிசைன், ஒரே கம்பெனி என்றாலும் பேட்ச் மாறினால் நிறத்தில் நூலிழை வித்தியாசம் வரும். பெட்டியில் பார்த்தால் தெரியாது, ஹாலில் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் தெரியும். அதனால் "ஐவரி 2x2, 400 பெட்டி" என்ற இருப்பை வைத்து எதையும் சொல்ல முடியாது. அதில் 250 ஒரு பேட்ச், 110 இன்னொன்று, மீதி பழைய துண்டு துக்காணி என்றால், 300 பெட்டி கேட்கிறவருக்கு உங்களிடம் சரக்கு இல்லை என்றுதான் அர்த்தம்.

எண்ணும்போதே மூன்றைக் கழித்துவிடுங்கள்: உடைந்த பெட்டி, பிரித்த பெட்டி, ஷோரூமில் ஒட்டுவதற்கு எடுத்தது. உதாரணமாக, பேட்ச் 17-இல் 260 பெட்டி அடுக்கியிருக்கிறது, அதில் 8 உடைந்தோ பிரித்தோ இருக்கிறது, 2 டிஸ்பிளேவுக்குப் போனது. விற்கத்தக்கது 250. இனி இந்த 250-ஐத்தான் எடுத்துக்கொள்வோம், 260 என்பதை மறந்துவிடலாம்.

எண்ணும் நாளில் குடோனில் இருந்து எதுவும் வெளியே போகக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்வது உத்தமம். நடுத்தரக் கடைக்கு இரண்டு ஆள், ஒரு நாள் என்று கணக்கு வையுங்கள். இந்த முழு ஏற்பாட்டிலும் செலவு என்று பார்த்தால் பெரியது இந்தக் கூலிதான்.

2. சதுர அடியைப் பெட்டியாக மாற்றும் கணக்கை ஒன்றாக்குங்கள்

சின்ன விஷயம் மாதிரி இருக்கும், ஆனால் இங்கேதான் புக்கிங் முதலில் ஓட்டையாகிறது. 600x600 மில்லிமீட்டர் டைல்ஸை நாம் 2x2 என்கிறோம். பெட்டிக்கு 4 டைல்ஸ் வரும் சரக்கென்றால் "நாலு நாலா பதினாறு" என்று 16 சதுர அடி போடுவது வழக்கம். உண்மையில் அந்தப் பெட்டி 1.44 சதுர மீட்டர், அதாவது 15.5 சதுர அடிதான்.

1200 சதுர அடி வீடு. வெட்டு, சேதாரம் 10 சதவீதம் சேர்த்தால் 1320. அதை 16-ஆல் வகுத்தால் 83 பெட்டி. 15.5-ஆல் வகுத்தால் 86. இந்த மூன்று பெட்டி வித்தியாசம், தரை போட்டு முடிக்கிற கடைசி நாளில் மேஸ்திரி போன் செய்யும்போதுதான் வெளிவரும். அப்போது அந்தப் பேட்ச் தீர்ந்திருக்கும், அல்லது வேறொருவருக்குப் பிடித்து வைத்ததில் இருந்து மூன்றை உருவிக் கொடுப்பீர்கள். இரண்டாவது ஆளின் புக்கிங் அங்கே உடைகிறது. ஆகவே பெட்டியில் அச்சிட்டிருக்கும் பரப்பளவையே எல்லோரும் எடுக்க வேண்டும் என்று எழுதி கவுண்டரில் ஒட்டிவிடுங்கள்.

3. வாக்கை மூன்றாகப் பிரியுங்கள்

வாடிக்கையாளரிடம் நாம் சொல்வது எல்லாம் ஒரே தரத்து வாக்கு இல்லை. இதைப் பிரிக்காமல் எந்த சாஃப்ட்வேர் வாங்கினாலும் பலன் கிடையாது.

கொட்டேஷன் என்பது விலை மட்டும். அது சரக்கைப் பிடிக்காது. கொட்டேஷன் தாளின் கீழே "இருப்பு உறுதி இல்லை, புக்கிங்கின்போது சரிபார்க்கப்படும்" என்று ஒரு வரி அச்சடித்துவிடுங்கள். வாடிக்கையாளர்கள் கொட்டேஷன் தாளைக் கையில் வைத்துக்கொண்டு "அன்னைக்கே எழுதிக் கொடுத்தீங்களே" என்று கேட்பது சகஜம்.

ஹோல்டு என்பது பணம் வாங்காமல் சில நாள் பிடித்து வைப்பது. "வீட்ல கேட்டுட்டு சொல்றேன்" என்கிறவருக்கு இது தேவைப்படும். ஆனால் இதற்கு முடிவுத் தேதி கட்டாயம். எங்களிடம் மூன்று நாள். அதற்கு மேல் வேண்டுமென்றால் முதலாளியைத்தான் கேட்க வேண்டும். முடிவுத் தேதி இல்லாத ஹோல்டு ஒன்று இருந்தாலும் போதும், யாருக்கும் சொல்லாமல் மீதி இருக்கும் ஃப்ரீ ஸ்டாக் என்பது கற்பனையாகிவிடும்.

புக்கிங் என்பது அட்வான்ஸோ, கட்டுமான நிறுவனத்தின் பர்ச்சேஸ் ஆர்டரோ கைக்கு வந்தது. இதற்குத்தான் பெட்டியைத் தனியே ஒதுக்க வேண்டும். ரசீதில் டிசைன் பெயர் மட்டும் எழுதாமல் பேட்ச் நம்பர், பெட்டி எண்ணிக்கை, டெலிவரி தேதி, எத்தனை நாளைக்குப் பிடித்து வைப்போம் என்ற நான்கையும் எழுதுங்கள். கடைசி விவரத்தை எழுதக் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறார்கள். அப்புறம் எட்டு மாதம் கழித்து வந்து கேட்கிற பார்ட்டிக்குப் பதில் சொல்ல முடியாது.

அட்வான்ஸ் வாங்கினால் அன்றே ஜிஎஸ்டி கட்ட வேண்டுமோ என்று பயந்து சில கடைகளில் ரசீதே போடுவதில்லை. பொருள் விற்பனைக்கு அந்தக் கவலை வேண்டாம். 2017 நவம்பர் 15-ஆம் தேதி வந்த 66/2017 அறிவிக்கையின்படி, காம்போசிஷன் திட்டத்தில் இல்லாத வணிகர் பொருளுக்கு வாங்கும் அட்வான்ஸுக்கு வரி அப்போதே கட்ட வேண்டியதில்லை, பில் போடும்போது கட்டினால் போதும். சேவைக்கு இது பொருந்தாது. டைல்ஸ் ஒட்டும் கூலிக்கும் சேர்த்து அட்வான்ஸ் வாங்குகிறீர்கள் என்றால் அதைத் தனியே எழுதுங்கள். எப்படியும் ரசீது வவுச்சர் போட்டே ஆக வேண்டும், ஆர்டர் ரத்தாகிப் பணத்தைத் திருப்பினால் ரீஃபண்ட் வவுச்சரும்.

4. ஒரே ஒரு புக்கிங் ஷீட்

சாஃப்ட்வேர் பிறகு பார்க்கலாம். முதல் இரண்டு மாதம் கூகுள் ஷீட்டில் நடத்துங்கள். செலவு இல்லை, கவுண்டரிலும் குடோனிலும் போனிலும் ஒரே சமயத்தில் திறக்கும். முக்கியமாக, உங்கள் கடையின் வழக்கத்தில் எங்கே இடிக்கிறது என்பது இதில்தான் வெளிப்படும்.

இரண்டு தாள் போதும். `Stock` தாளில் A பத்தியில் ஐட்டம் கோடு, B-யில் பேட்ச், C-யில் விற்கத்தக்க பெட்டி. `Booking` தாளில் A-யில் பதிந்த தேதி, B-யில் கோடு, C-யில் பேட்ச், D-யில் பெட்டி, E-யில் பார்ட்டி பெயர், F-இல் டெலிவரி தேதி, G-யில் ஹோல்டு முடியும் தேதி, H-இல் நிலை. நிலைக்கு `OPEN`, `DONE`, `CANCEL` என்ற மூன்று மட்டும், டிராப்டவுனாக வையுங்கள். I பத்தியில் இந்தச் சூத்திரத்தைப் போட்டுக் கீழே இழுத்துவிடுங்கள்:

```
=SUMIFS(Stock!C:C,Stock!A:A,B2,Stock!B:B,C2)
 -SUMIFS(D$2:D2,B$2:B2,B2,C$2:C2,C2,H$2:H2,"OPEN")
```

இது அந்தப் பேட்சின் மொத்த இருப்பில் இருந்து, இந்த வரி வரைக்கும் திறந்திருக்கும் புக்கிங், ஹோல்டு எல்லாவற்றையும் கழிக்கிறது. பேட்ச் 17-இல் 250 இருக்கிறது. முதல் வரியில் 86 பெட்டி, இரண்டாவதில் 120. இரண்டாவது வரியின் I பத்தி 44 என்று காட்டும். இப்போது கவுண்டரில் ஒருவரும் போனில் ஒருவரும் ஒரே நிமிடத்தில் ஆளுக்கு 40 பெட்டி பதிகிறார்கள் என்று வையுங்கள். இரண்டு பேரும் பார்த்தபோது 44 இருந்தது உண்மை. பதிந்த பின் முதல் வரி 4 என்றும் அடுத்த வரி -36 என்றும் நிற்கும். யாருடைய வரி மைனஸோ அவர் வாக்குக் கொடுக்கக் கூடாது.

ஆகவே விதி இதுதான்: முதலில் வரியைப் பதிந்து, I பத்தியைப் பார்த்து, அப்புறம்தான் வாயைத் திறப்பது. "இருங்க பாக்குறேன்" என்று பத்து விநாடி வாங்குவதற்கு எந்த வாடிக்கையாளரும் கோபிப்பதில்லை. வாட்ஸ்அப்பில் "ஸ்டாக் இருக்கா?" என்று வரும் கேள்விக்கும் அதேதான். கட்டை விரலைத் தூக்கிக் காட்டும் படத்தை அனுப்பிவிட்டுப் பிறகு பதியலாம் என்று நினைப்பதில்தான் பாதி இரட்டை வாக்குகள் பிறக்கின்றன.

இந்த ஷீட்டில் மூன்று பொறிகள் உண்டு.

ஒன்று, `Booking` தாளை யாரும் வரிசை மாற்றக் கூடாது. பார்ட்டி பெயர் வாரியாகப் பார்க்கலாமே என்று ஒருவர் சார்ட் செய்தால், முதலில் வந்தவர் யார் என்ற கணக்கே கலைந்துவிடும். நேற்றுவரை பத்திரமாக இருந்த புக்கிங் இன்று மைனஸில் நிற்கும். தேட வேண்டுமென்றால் ஃபில்டர் வியூ வைத்துக்கொள்ளட்டும். புது வரி எப்போதும் கடைசியில்தான்.

இரண்டாவது, சரக்கு குடோனை விட்டுப் போகும்போது இரண்டு மாற்றம் சேர்ந்தே நடக்க வேண்டும்: `Stock`-இல் பெட்டியைக் குறைப்பது, `Booking`-இல் `DONE` போடுவது. இருப்பைக் குறைத்துவிட்டு `OPEN`-ஆகவே விட்டால் இரண்டு முறை கழிந்து, இருக்கிற சரக்கை இல்லை என்போம். அது வியாபார நஷ்டம், ஆனால் சண்டை வராது. மாற்றி, `DONE` போட்டுவிட்டு இருப்பைக் குறைக்க மறந்தால், போய்விட்ட சரக்கு ஃப்ரீயாகத் தெரியும். ஆபத்தானது இதுதான். இரண்டையும் ஒரே ஆள், குடோன் இன்சார்ஜ், வண்டியில் ஏற்றி முடித்த பின் செய்ய வேண்டும். `Stock` தாளை அவரும் முதலாளியும் தவிர யாரும் தொட முடியாதபடி பூட்டிவிடுங்கள்.

மூன்றாவது, முடிந்த ஹோல்டுகள். இந்த கண்டிஷனல் ஃபார்மட்டிங் போட்டால் தேதி தாண்டிய வரி சிவப்பாகும்:

```
=AND($H2="OPEN",$G2<>"",$G2<TODAY())
```

தானாகவே `CANCEL` ஆகும்படி செய்யலாமே என்று கேட்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. காலையில் கடை திறந்ததும் சிவப்பு வரிகளைப் பார்த்து ஆளுக்கு ஒரு போன் போடுங்கள். பாதிப் பேர் "மறந்தே போச்சுங்க, இன்னைக்கு அட்வான்ஸ் போடறேன்" என்பார்கள். மீதிப் பேருடைய பெட்டி விடுபடும். இரண்டும் லாபம்.

5. வரப்போகும் லோடை எப்போது கணக்கில் சேர்ப்பது

இதுவரை பார்த்தது கையில் இருப்பதை மட்டும். குஜராத் மோர்பியில் இருந்து லோடு வரவிருக்கிறது என்றால் அதிலிருந்தும் சொல்லத்தானே வேண்டும்? சொல்லலாம், ஆனால் எந்த நிலையில் இருக்கும் லோடு என்பது முக்கியம்.

சப்ளையர் "மெட்டீரியல் ரெடி" என்று சொல்வதும் புரோஃபார்மா அனுப்புவதும் சரக்கு அல்ல. நாம் இங்கே படும் பாட்டை அவரும் அங்கே பட்டுக்கொண்டிருக்கிறார், அதே பெட்டியை இன்னொரு ஊர் டீலருக்கும் சொல்லியிருப்பார். மூன்று தாள் வந்த பிறகு சேருங்கள்: டாக்ஸ் இன்வாய்ஸ், லாரிக்காரர் கொடுக்கும் எல்.ஆர். ரசீது, வண்டி எண்ணோடு ஈ-வே பில். வண்டி எண் ஏறாத ஈ-வே பில் என்றால் லோடு இன்னும் கிளம்பவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஈ-வே பில்லில் இன்னொரு உபயோகமும் இருக்கிறது. சாதாரண சரக்குக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று செல்லுபடிக் காலம் கொடுக்கிறார்கள். மோர்பியில் இருந்து தமிழ்நாட்டுக்கு ஏறத்தாழ 2000 கிலோமீட்டர் என்றால் பத்து நாள் வரும். வாடிக்கையாளருக்குச் சொல்லும் தேதிக்கு நான் அந்தக் கடைசி நாளையே எடுத்துக்கொண்டு, இறக்கி எண்ண இன்னும் இரண்டு நாள் கூட்டுகிறேன். டிரைவர் ஆறு நாளில் வந்துவிட்டால் நல்லது, முன்கூட்டியே வந்ததற்கு யாரும் சண்டை போடுவதில்லை.

வழி உடைசலையும் முன்பே கழித்துவிடுங்கள். நாங்கள் நூறு பெட்டிக்கு மூன்று கழிக்கிறோம். உங்கள் பழைய லோடு கணக்கைப் பார்த்து உங்கள் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள். 400 பெட்டி வருகிறது என்றால் `Stock` தாளில் பேட்ச் இடத்தில் "லோடு ஜூன் 20" என்று எழுதி 388 என்று பதியுங்கள். இறங்கிய பிறகு உண்மையான பேட்ச் நம்பரை மாற்றுங்கள். `Booking` தாளிலும் அதே இடங்களில் சேர்த்து மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் சூத்திரம் அந்த வரிகளைப் பிடிக்காது.

6. தேதி வாரியாகக் கணக்குப் போடுவது

இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ஏடிபியின் சாரமே இந்தப் படிதான்.

ஜூன் 3. பேட்ச் 17-இல் 250 பெட்டி. ஒரு வீட்டுக்காரருக்கு 86 பெட்டி, ஜூன் 12 டெலிவரி. ஒரு இன்ஜினியருக்கு 120 பெட்டி, ஜூன் 28 டெலிவரி. ஜூன் 20-க்கு லோடு, 388 பெட்டி. இப்போது ஒருவர் வந்து ஜூன் 10-க்கு 60 பெட்டி கேட்கிறார்.

மொத்தத்தைக் கூட்டிக் கழித்தால் 250 + 388 - 206 = 432. தாராளமாக இருக்கிறது என்று தோன்றும். ஆனால் அதில் பெரும்பங்கு ஜூன் 20-க்குப் பிறகுதான் வருகிறது. ஜூன் 10-க்கு அது உதவாது. எதிர்பார்க்கும் மொத்த இருப்பை வைத்து முன்தேதிக்கு வாக்குக் கொடுப்பதுதான் இந்த வேலையில் மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை.

கையில் இருப்பதை மட்டும் பார்த்தால் 44. கொடுக்க முடியாது என்று வரும். அதுவும் முழு உண்மை இல்லை. இன்ஜினியருக்கு ஜூன் 28-க்குத்தான் வேண்டும், லோடு அதற்கு எட்டு நாள் முன்பே வருகிறது. அவருடைய 120-ஐ லோடில் இருந்து கொடுக்கலாம் என்றால், அடுத்த லோடு வருவதற்கு முன் போக வேண்டியது 86 மட்டும். இன்றைக்குச் சொல்லக்கூடியது 250 - 86 = 164. லோடில் சொல்லக்கூடியது 388 - 120 = 268. ஏடிபி கணக்கு என்பது இதுதான்: ஒவ்வொரு வரத்துக்கும், அடுத்த வரத்து வரும்வரை அதிலிருந்து போக வேண்டியதைக் கழிப்பது.

ஆனால் டைல்ஸில் இதைக் காகிதத்தில் மட்டும் செய்ய முடியாது. இன்ஜினியர் பார்த்து ஒப்புக்கொண்டது பேட்ச் 17. எனவே 60 பெட்டிக்காரரிடம் சரி சொல்வதற்கு முன் இன்ஜினியருக்குப் போன் செய்து, "உங்களுக்குப் புது லோடுல இருந்து முழுசா ஒரே பேட்ச் தர்றோம், வந்ததும் சாம்பிள் அனுப்பறோம், சரிங்களா சார்?" என்று கேட்டு, வாட்ஸ்அப்பில் பதில் வாங்குங்கள். அவர் சரி என்றால் அவருடைய வரியில் பேட்சை "லோடு ஜூன் 20" என்று மாற்றுங்கள். ஃப்ரீ ஸ்டாக் 164 ஆகும். முடியாது என்றால் 44-தான், வந்தவரிடம் ஜூன் 20-க்குப் பிறகு என்று சொல்ல வேண்டியதுதான்.

அவர் சரி என்று சொல்லி, 60-ஐயும் கொடுத்தாயிற்று. மீதி 104. மறுநாள் இன்னொரு கட்டுமானக் கம்பெனி ஜூலை 5-க்கு 320 பெட்டி கேட்கிறது. லோடில் 268-தான் ஃப்ரீ. 52 குறைகிறது. அந்த 52-ஐக் கையில் இருக்கும் 104-இல் இருந்து பிடித்தால் ஆர்டரை எடுக்கலாம், ஆனால் அப்படி எடுத்த நிமிடமே இன்றைக்குச் சொல்லக்கூடிய எண்ணும் 104-இல் இருந்து 52 ஆகிவிடும். பின்தேதி ஆர்டர் ஒன்று இன்றைய ஃப்ரீ ஸ்டாக்கைத் தின்னும் என்பது பலருக்கு உறைப்பதில்லை. ஜூலைக்குத்தானே என்று விட்டுவிட்டு 104-ஐயும் விற்றுவிட்டால், ஜூலை 5 அன்று 52 பெட்டிக்கு எங்கே போவது?

பேட்ச் கலக்குமே என்றால், அது அடுக்குமாடி வேலை. 52 பெட்டி சுமார் 800 சதுர அடி, ஒரு ஃபிளாட்டுக்கு முழுசாக ஒரு பேட்ச் என்று பிரித்துக் கொடுக்கலாம். தனி வீடாக இருந்தால் இந்த ஆர்டரை நான் எடுக்கச் சொல்ல மாட்டேன்.

லோடு தாமதமானால் என்ன ஆகும் என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். ஜூன் 28-க்குள் வண்டி வரவில்லை, இன்ஜினியர் காத்திருக்கவும் மாட்டார் என்றால், கையில் இருக்கும் 104-ஐ அப்படியே கொடுத்தாலும் 16 பெட்டி குறையும். 60 பெட்டிக்காரருக்குச் சரி சொன்னபோது நீங்கள் ஏற்றுக்கொண்ட ஆபத்து இந்தப் 16 பெட்டி. எட்டு நாள் இடைவெளி இருப்பதால் நான் ஏற்றுக்கொள்வேன். இரண்டு நாள்தான் இடைவெளி என்றால் வேண்டாம்.

7. சாஃப்ட்வேரில் எங்கே பார்ப்பது

டேலி வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் Stock Summary-யைப் பார்த்தே பதில் சொல்கிறார்கள். அதில் தெரிவது கையிருப்பு மட்டும். `Ctrl+F8` அழுத்தி Sales Order பதியத் தொடங்கினால், Reorder Status அறிக்கையில் கையிருப்பு, வர வேண்டிய பர்ச்சேஸ் ஆர்டர், கொடுக்க வேண்டிய சேல்ஸ் ஆர்டர் எல்லாம் சேர்ந்து `Nett Available` என்று ஒரு எண் கிடைக்கும். இரண்டு எச்சரிக்கை. இந்த எண்ணில் வரப்போகும் சரக்கும் சேர்ந்திருக்கிறது, ஆறாம் படியில் சொன்ன பிழைக்கு நேரே இழுத்துப் போகும். இன்னொன்று, பில் போடும்போது ஆர்டர் நம்பரைத் தேர்ந்தெடுக்காமல் விட்டால், சரக்கு போன பிறகும் ஆர்டர் நிலுவையிலேயே நிற்கும். மாதம் ஒருமுறை நிலுவை ஆர்டர் பட்டியலை எடுத்துச் செத்தவற்றை மூடுங்கள். சேல்ஸ் ஆர்டர் சரக்கைப் பூட்டுவதும் இல்லை, வேறொருவர் அதே பெட்டிக்குப் பில் போட்டால் போட்டுவிடலாம்.

நிஜமாகவே பூட்ட வேண்டுமென்றால் ஓடூ, ஈஆர்பிநெக்ஸ்ட் மாதிரியான சாஃப்ட்வேருக்குப் போக வேண்டும். ஓடூவில் கொட்டேஷன் நிலையில் சரக்கு பிடிபடாது, ஆர்டரை உறுதி செய்ததும் பிடிபடும். எப்போது பிடிக்க வேண்டும் என்பதை `Reservation Method`-இல் மாற்றலாம். `Before scheduled date` என்று வைத்தால் டெலிவரிக்கு இத்தனை நாள் முன்பு என்று பிடிக்கும், இன்ஜினியர் மாதிரிப் பின்தேதி ஆர்டர்களுக்கு வசதி. ஈஆர்பிநெக்ஸ்டில் பதிப்பு 15 முதல் Stock Settings-இல் `Enable Stock Reservation` இருக்கிறது. அது தானாக ஆனில் இருக்கும் என்று நம்பாமல் போய்ப் பாருங்கள். ஈஆர்பிநெக்ஸ்டுக்கு லைசென்ஸ் கட்டணம் கிடையாது என்றாலும் சர்வர் வாடகையும் அமைத்துக் கொடுப்பவரின் கூலியும் உண்டு. எதை வாங்கினாலும் பேட்ச் வாரியாக ஆர்டரில் பிடிக்க முடிகிறதா என்று உங்கள் சரக்கை வைத்தே டெமோ கேளுங்கள். ஐட்டம் வாரியாக மட்டும் பிடிப்பது டைல்ஸுக்கு ஆகாது.

8. பெட்டியிலும் அடையாளம் வையுங்கள்

ஷீட் எவ்வளவு சரியாக இருந்தாலும் லோடுமேன் கைக்கு எட்டுகிற பெட்டியைத்தான் எடுப்பார். புக்கிங் ஆன அடுக்கில் ஒரு தாளில் வரி எண், பார்ட்டி பெயர், டெலிவரி தேதி எழுதி ஒட்டுங்கள். எல்லா ஹோல்டுக்கும் இதைச் செய்ய வேண்டாம், தாள் ஒட்டிக் கிழிப்பதே வேலையாகிவிடும். புக்கிங் ஆனவற்றுக்கு மட்டும். வாரம் ஒருமுறை, வேகமாக ஓடும் பத்து ஐட்டத்தை மட்டும் எண்ணி ஷீட்டோடு ஒப்பிடுங்கள், அரை மணி நேர வேலை. வித்தியாசம் வந்தால் முதலில் சாம்பிளுக்கு எடுத்த பெட்டியையும், சைட்டில் இருந்து திரும்பி வந்து மூலையில் கிடக்கும் பெட்டியையும் பாருங்கள். திரும்பி வந்ததைப் பேட்ச் நம்பர் பார்க்காமல் இருப்பில் சேர்க்காதீர்கள்.

9. ஏற்கெனவே இரண்டு பேருக்குச் சொல்லியாகிவிட்டால்

முதலில் குடோனுக்குப் போய் அந்தப் பேட்சை நேரில் எண்ணுங்கள். சில சமயம் ஷீட்டில்தான் தவறு இருக்கும், சரக்கு போதும். உண்மையிலேயே குறைகிறது என்றால், யார் அதிகம் வாங்கினார் என்பதைப் பார்க்காமல், யாருக்கு மேஸ்திரி எந்தத் தேதியில் வருகிறார் என்று விசாரியுங்கள். டெலிவரி தேதியும் ஒட்டும் தேதியும் ஒன்றில்லை. முதலில் ஹாலுக்கும் பெட்ரூமுக்கும் அனுப்பிவிட்டு, பால்கனியையும் சமையலறையையும் அடுத்த பேட்சில் கொடுத்தால் நிற வித்தியாசம் கண்ணில் படாது. வாசல் படியில் பிரிகிற அறைகளுக்கு இதைத் தயங்காமல் சொல்லலாம். அதுவும் ஒத்துவராவிட்டால், பெட்டியின் பேட்ச் நம்பரைப் போட்டோ எடுத்து, அதே கம்பெனிச் சரக்கு வைத்திருக்கும் பக்கத்து ஊர் டீலர்களுக்கு அனுப்பிக் கேளுங்கள். வாங்கிய விலைக்கே தருவார்கள், வண்டி வாடகை நம்முடையது. எதுவும் நடக்காவிட்டால், பெட்டி போக வேண்டிய நாள் வரை காத்திருக்காமல் அன்றே அந்த வாடிக்கையாளருக்குச் சொல்லி, அட்வான்ஸை முழுதாகத் திருப்பி, ரீஃபண்ட் வவுச்சர் போட்டு, ஷீட்டில் அவருடைய வரியை `CANCEL` ஆக்குங்கள்.